அடுத்தவருக்கு எழுதிக் கொடுக்கும் பரிந்துரை: கீழக்கரை முதல் தொண்டி வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"காக்கா, நான் எழுதிக் கொடுத்தா அவனுக்குத்தானே வேலை கிடைக்கும்? எனக்கு என்ன வரும்?"

லிங்க்ட்இன்னில் நீங்கள் ஒருவருக்கு எழுதும் பரிந்துரை அவருடைய பக்கத்தில் மொட்டையாக நிற்பதில்லை. உங்கள் படம், பெயர், பெயருக்குக் கீழே நீங்கள் யார் என்று சொல்லும் ஒரு வரி, எழுதிய தேதி, உங்கள் இருவருக்கும் என்ன வேலைத் தொடர்பு என்பது எல்லாம் கூடவே வரும். பெயரைத் தட்டினால் உங்கள் பக்கம் திறந்துவிடும். அவருடைய பக்கத்தைப் படிக்க வந்தவர் கண்ணில் நீங்களும் பட்டுவிடுகிறீர்கள்.

வேலை தேடுகிற ஒருவரின் பக்கத்தை அதிகம் புரட்டுவது யார்? அந்தத் தொழிலில் ஆளெடுக்கிறவர்கள். நீங்கள் தனியாகத் தேடிப் போனால் பதிலே சொல்லாத ஆட்கள்தான் அவர்கள். வளைகுடாவில் கொஞ்ச காலம் ஆளெடுக்கும் வேலையில் இருந்தவன் என்பதால் அந்தப் பக்கத்து மனசு எனக்குத் தெரியும். உருப்படியான பரிந்துரை ஒன்றைப் படித்ததும், எழுதியது யார் என்று பார்ப்போம். இவர் சொல்வதை நம்பலாமா என்று தெரிய வேண்டும், அது ஒன்று. இன்னொன்றும் உண்டு. வேலையை இவ்வளவு கூர்ந்து பார்க்கத் தெரிந்தவருக்கு அந்த வேலை தெரிந்திருக்கத்தானே வேண்டும்?

அதே எழுத்து உங்கள் பக்கத்திலும் `Given` என்ற பகுதியில் நிற்கும். உங்களைப் பற்றி நீங்களே எழுதியதைவிட அதை நம்புகிறவர்கள் அதிகம்.

இதனாலேயே வேலை வந்து கதவைத் தட்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கண்ணில் படுவது வரைக்கும்தான் இது. பார்க்க வந்தவருக்கு உங்கள் பக்கத்தில் ஒன்றும் இல்லையென்றால் வந்த வழியே போய்விடுவார்.

"எங்கே தட்டணும், எப்படி அனுப்பணும்?"

அனுப்புவதற்கு முன் உங்கள் பெயருக்குக் கீழே உள்ள அந்த ஒரு வரியைச் சரிசெய்யுங்கள். நம் பிள்ளைகள் பலருடைய பக்கத்தில் அது "மாணவர்" என்றோ "வேலை தேடுகிறேன்" என்றோ கிடக்கிறது. 220 எழுத்துக்கு இடம் இருக்கிறது, அவ்வளவும் நிரப்பத் தேவையில்லை. என்ன வேலை, எந்த இடம், அவ்வளவு போதும்: "கடல்பாசிப் பண்ணைக் கணக்கும் பயிற்சியும், மண்டபம்." பரிந்துரையோடு ஊர் ஊராகப் போகிற வரி அது.

பிறகு அந்த நபரின் பக்கத்துக்குப் போய் `More` தட்டி, `Recommend` தேர்ந்தெடுங்கள். அவர் உங்களோடு நேரடித் தொடர்பில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முடியாது. அங்கே `Relationship` என்று ஒன்று கேட்கும். ஒரே அணியில் வேலை செய்தீர்களா, அவர் உங்களுக்குக் கீழே இருந்தாரா, நீங்கள் வாடிக்கையாளரா, பாடம் சொல்லிக் கொடுத்தவரா என்ற மாதிரி பட்டியல் வரும். உள்ளது எதுவோ அதைத் தேர்ந்தெடுங்கள். மேலதிகாரி என்று போட்டால் கனம் கூடும் என்று நினைத்துச் சிலர் மாற்றிப் போடுகிறார்கள். இருவர் பக்கத்தையும் அடுத்தடுத்துத் திறந்து பார்த்தால் அந்தப் பொய் ஒரு நிமிடம்கூட நிற்காது.

அனுப்பியதும் அது உடனே வெளியில் தெரியாது. அவருக்குச் செய்தியாகப் போகும். அவர் ஏற்றுக்கொண்ட பிறகுதான் பக்கத்தில் வரும். திருத்தித் தரும்படியும் கேட்கலாம். பாதிப் பேர் அந்த ஆப்பைத் திறப்பதே அபூர்வம். அதனால் வாட்ஸ்அப்பில் "தம்பி, ஒண்ணு எழுதி அனுப்பியிருக்கேன், பார்த்து ஏத்துக்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

"எழுத உட்கார்ந்தா 'நல்ல பையன், கடின உழைப்பாளி'யைத் தாண்டி ஒண்ணும் வரமாட்டேங்குது."

இங்கேதான் முக்கால்வாசிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு உதாரணத்தை முழுசாகவே எடுத்துக்கொள்வோம்.

மண்டபம் பக்கம் வடகடலில் பெண்கள் குழுக்கள் கடல்பாசி வளர்க்கிறார்கள். மூங்கிலில் 12 அடிக்கு 12 அடி மிதவை கட்டி, கயிற்றில் விதைப்பாசியை முடிந்து கடலில் விடுவார்கள். 45 நாள் போல ஆனதும் அறுவடை. அறுத்ததில் ஒரு பங்குதான் அடுத்த சுற்றுக்கு விதை. அந்தக் குழுக்களுக்குக் கணக்கு எழுதுகிற தங்கச்சி ஒருத்தி, அதே மிதவைகளைக் கடலில் இறங்கிக் கவனிக்கிற தம்பி ஒருத்தன். அவன் வேறு கரையில் உள்ள பாசிப் பண்ணைக்கு வேலைக்கு மனுப் போடுகிறான், அவள் அவனுக்கு எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வருவது இப்படித்தான் இருக்கும்:

"இவர் மிகவும் கடின உழைப்பாளி. நேர்மையானவர். எந்த வேலையையும் ஆர்வத்துடன் செய்வார். எந்த நிறுவனத்துக்கும் இவர் ஒரு சொத்து."

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் பெயரை மாற்றினால் ஹோட்டல் வரவேற்பாளருக்கும் பொருந்தும், லாரி ஓட்டுநருக்கும் பொருந்தும். ஆளெடுக்கிறவர் இதைக் கண்ணால் தாண்டிப் போய்விடுவார். எழுதியவர் பெயரையும் சேர்த்துத்தான் தாண்டுவார்.

அவளிடம் மூன்று விஷயம் கேட்க வேண்டும். நீ எங்கே இருந்து அவன் வேலையைப் பார்த்தாய்? ஏதாவது கோளாறு வந்த நாளில் அவன் என்ன செய்தான்? அதனால் என்ன ஆனது, அது உனக்கு எப்படித் தெரியும்? மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் பரிந்துரை கிட்டத்தட்ட எழுதி முடிந்த மாதிரிதான்.

கோளாறு என்று கேட்டதும் அவளுக்கு ஒரு கோடை நினைவுக்கு வருகிறது. தண்ணீர் சூடேறி, காற்றும் ஓட்டமும் இல்லாமல் கடல் கிடக்கிறபோது பாசியின் கிளைகள் இடையிடையே வெளுத்துக் குழைந்து ஒடிந்து விழும். 'ஐஸ் ஐஸ்' என்று சொல்கிற நோய் அது. கண்டுகொள்ளாமல் விட்டால் மிதவையில் பாதி பாசி கடலோடு போய்விடும். அப்போது அவன் செய்ததைச் சொல்லச் சொன்னால், எழுத்து இப்படி மாறும்:

"மண்டபம் வடகடலில் பெண்கள் குழுக்களின் பாசி மிதவைகளுக்கு நான் கணக்கு எழுதினேன். இவர் அதே மிதவைகளைக் கடலில் இறங்கிக் கவனித்தார். ஒரு கோடையில் சில மிதவைகளில் கிளைகள் வெளுக்கத் தொடங்கியதைக் குழுவினர் சொல்வதற்கு முன்பே கண்டுபிடித்தார். வெளுத்ததை வெட்டி அகற்றி, மிதவைகளை நீரோட்டம் உள்ள பக்கம் நகர்த்தி, நல்ல பாசியை 45 நாள் வரை காத்திராமல் முன்கூட்டியே அறுக்கச் சொன்னார். அடுத்த சுற்றுக்கு அந்தக் குழுக்கள் வெளியிலிருந்து விதைப்பாசி வாங்கவில்லை. இதை நான் எழுதிய கணக்கிலிருந்து சொல்கிறேன். படகு இன்ஜின் வேலையில் இவரை நான் பார்த்ததில்லை. மிதவைப் பண்ணையை நம்பி ஒப்படைக்கலாம்."

பண்ணை நடத்துகிறவர் இதைப் படித்தால் தம்பியைப் பற்றி அவருக்கு வேண்டியது கிடைத்துவிடும். வெளுப்பைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவன், கண்ட பிறகு கை கட்டி நிற்காதவன். சரி, எழுதிய தங்கச்சியைப் பற்றி என்ன தெரிகிறது? குழுக்களின் விதைப்பாசி வரவு செலவைச் சுற்றுக்குச் சுற்று எழுதி வைப்பவள். நோய் வந்த சுற்றில் விதை என்ன ஆனது என்று அவள் கணக்கைப் பார்த்துச் சொல்ல முடியும். இவ்வளவும் தெரிகிறது, ஆனால் அவள் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை மெச்சி எழுதவில்லை. "நான் எழுதிய கணக்கிலிருந்து" என்ற துண்டு ஒன்றே அந்த வேலையைச் செய்துவிட்டது. எங்கே நின்று பார்த்தீர்கள் என்பதைச் சொல்லும்போது உங்கள் வேலையும் சேர்ந்து தெரிந்துவிடுகிறது. பரிந்துரை எழுதுகிறவருக்குக் கிடைக்கிற வெளிச்சம் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

"படகு இன்ஜின் வேலையில் பார்த்ததில்லை" என்ற வரியை எடுத்துவிடலாமா என்று கேட்பார்கள். எடுக்காதீர்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறவர் தெரியும் என்று சொல்வதை நம்பலாம் என்ற எண்ணம் அங்கேதான் வருகிறது.

நீளம் பற்றி ஒரு வார்த்தை. அந்தப் பெட்டி 3000 எழுத்து வரை ஏற்கும் என்பதற்காக அதை நிரப்ப வேண்டாம். ஐந்தாறு வாக்கியம் போதும். படிக்கப் போகிறவர் வெளி மாநிலமோ வெளிநாடோ என்றால் ஆங்கிலத்தில் போடத்தான் வேண்டும். ஆனால் முதலில் தமிழில், அவரிடம் வாயால் சொல்வது மாதிரி எழுதிவிட்டு, பிறகு எளிய ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். நேரே ஆங்கிலத்தில் தொடங்கினால் மறுபடியும் "கடின உழைப்பாளி"தான் வந்து நிற்பார்.

விலை, சம்பளம், யாரிடம் விற்கிறோம் என்பதெல்லாம் இதில் வரக் கூடாது. அது உங்கள் நிறுவனத்தின் சங்கதி, ஊருக்குச் சொல்வதற்கு இல்லை.

"திறமைப் பட்டியலில் ஒரு தட்டு தட்டிவிட்டா போதாதா?"

போதாது, ஆனால் வீணும் இல்லை. `Endorse` தட்டினால் அந்த நபருக்கு அறிவிப்பு போகும். ரொம்ப நாள் பேசாமல் இருந்தவர் உங்களை நினைப்பதற்கு அது ஒரு சாக்கு. மற்றபடி, எத்தனை பேர் தட்டினார்கள் என்ற எண்ணுக்குள் உங்கள் பெயர் ஒளிந்துகொள்ளும்; யாராவது அந்த எண்ணைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். அந்தத் திறமையை நேரில் பார்த்திருந்தால் தட்டுங்கள். உள்ளது அத்தனைக்கும் வரிசையாகத் தட்டிக்கொண்டே போனால், பெறுகிறவரே அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

"அண்ணே, பழக்கமா செய்யணும்னா யாரில் தொடங்குறது? மேனேஜருக்கு எழுதினா நல்லதா?"

மேனேஜருக்கு எழுதுவது தப்பில்லை. ஆனால் கீழே இருந்து மேலே போகிற புகழ்ச்சியை எல்லாரும் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படிப்பார்கள். பக்கத்து மேசைக்காரர், உங்களிடம் வேலை கற்றவர், உங்களுக்குச் சரக்கு தருகிறவர், இவர்களுக்கு எழுதுவது எடுபடும். அவர்களுக்கு எழுதுவதால் உங்களுக்கு நேரடி ஆதாயம் எதுவும் இல்லை என்று படிக்கிறவருக்குத் தெரியும்.

அதிலும் இப்போது வேலை தேடிக்கொண்டிருப்பவருக்கு முதலில் எழுதுங்கள். அவர் பக்கத்தை இந்த மாதம் நாலு பேர் புரட்டுவார்கள். நிலையான வேலையில் உட்கார்ந்துவிட்டவரின் பக்கத்துக்கு யார் போகிறார்கள்?

இதற்கென்று ஒரு நேரம் வைத்துக்கொள்வது நல்லது. ஒரு வேலை முடிந்த வாரமே எழுதிவிட வேண்டும் என்பது என் கட்சி. வலை போட்ட பண்ணையோ, கட்டிக் கொடுத்த ரிசார்ட்டோ, முடிந்து ஒரு வருடம் ஆன பிறகு நினைத்துப் பார்த்தால் "நல்லாத்தான் செஞ்சான்" என்பது மட்டும் மிஞ்சும். வெளுத்த கிளையும் நகர்த்திய மிதவையும் மறந்துபோகும். மாதத்துக்கு ஒன்று எழுதினாலே வருடத்தில் ஒரு டஜன் பக்கங்களில் உங்கள் பெயர் இருக்கும். ஒரே நாளில் பத்துப் பேருக்கு அனுப்புவதில் அர்த்தமில்லை. எல்லாவற்றிலும் ஒரே தேதி, ஒரே மாதிரி வாக்கியம் என்று உங்கள் `Given` பகுதியே உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும்.

"நான் அவனுக்கு எழுதி மூணு மாசம் ஆச்சு, அவன் எனக்கு ஒரு வரி எழுதலை. கேட்கலாமா?"

கேட்கலாம், ஆனால் இதைக் காரணமாக வைத்துக் கேட்காதீர்கள். தேதி வெளியில் தெரியும் என்று சொன்னேனே. திங்கட்கிழமை நீங்கள் அவருக்கு, புதன்கிழமை அவர் உங்களுக்கு என்று இருந்தால், மொய்க்கு மொய் என்று யாரும் புரிந்துகொள்வார்கள். இரண்டு எழுத்துக்குமே மதிப்பு போய்விடும். அவர் எழுதாமல் இருப்பதால் நீங்கள் எழுதியதன் கனம் கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

உங்களுக்கு ஒன்று தேவைப்படுகிற நேரத்தில், உங்கள் வேலையை நேரில் பார்த்த வேறொருவரிடம் கேளுங்கள். எந்த வேலையைப் பற்றி எழுத வேண்டும் என்று குறிப்பாகச் சொல்லிக் கேளுங்கள்: "தொண்டியில் அந்தக் குளிர்பதன அறை நின்றுபோன அன்றைக்கு நாம ரெண்டு பேரும் செஞ்சதைப் பத்தி எழுதித் தர முடியுமா?"

"மச்சான் கேட்கிறான். அவனுக்கு அந்த வேலை தெரியாது. இல்லைன்னு சொன்னா வீட்டில் பிரச்சினை ஆகும்."

நம் கரையில் இது இல்லாத வீடு இல்லை. கீழக்கரையிலும் தேவிபட்டினத்திலும் பாதித் தெரு ஒன்றுக்குள் ஒன்று. தாராளமாக எழுதுகிறவர் என்று பெயர் வந்துவிட்டால் வரிசை கட்டி வருவார்கள்.

வேலை தெரியாதவனுக்கு வெல்டிங் தெரியும் என்று எழுதி, அவன் விமானம் ஏறிப் போய் முதல் வாரமே கைத்திறன் சோதனையில் நின்றுவிட்டால், கடன் வாங்கிப் போன அவனுக்குத்தான் முதல் அடி. அடுத்த அடி உங்களுக்கு. நீங்கள் ஏற்கெனவே நல்ல ஆட்களுக்கு எழுதியதெல்லாம் அதே `Given` பட்டியலில்தான் இருக்கிறது. ஒன்று பொய் என்று தெரிந்தால் மற்றதும் சந்தேகத்துக்கு வந்துவிடும். அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

முகத்தை முறித்துக்கொள்ளாமல் மறுக்க வழி இருக்கிறது. "மச்சான், உன்கூட நான் வேலை பார்த்ததில்லை. அங்கே எந்த இடத்தில் ஒண்ணா வேலை பார்த்தோம்னு கேட்கும், நான் என்ன போடறது? உன் பழைய ஃபோர்மேன்கிட்ட கேளு, என்ன எழுதணும்னு நான் குறிப்பு எடுத்துத் தர்றேன்." அந்தப் படிவம் தொடர்பைக் கேட்பது உண்மைதான், அதனால் சாக்கு என்றும் சொல்ல முடியாது. பாதிப் பேர் இதோடு விட்டுவிடுவார்கள். உண்மையில் கண்ட ஏதாவது நல்லது இருந்தால், அவன் கடையில் கல்லாவைக் கவனித்த நேர்த்தி மாதிரி, அதை மட்டும் எழுதலாம். வெல்டிங்கைத் தொடவே வேண்டாம்.

"பாம்பனில் என் படகு இன்ஜினைச் சரிபண்ணுற அண்ணனுக்கு லிங்க்ட்இன்னே கிடையாது. அவருக்கு எப்படி?"

கூகுள் மேப்பில் அவர் பட்டறை இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் அவரிடம் கேட்டுச் சேர்த்துவிடுங்கள். பிறகு ஐந்து நட்சத்திரத்தோடு "சூப்பர்" என்று நிறுத்தாமல், எந்த இன்ஜின், என்ன கோளாறு, எத்தனை மணி நேரத்தில் கடலுக்குப் போக முடிந்தது என்று எழுதுங்கள். வெளியூர் விசைப்படகுக்காரர் அவசரத்தில் தேடும்போது இதுதான் கண்ணில் படும். உங்கள் கூகுள் பெயரிலேயே அது வெளியில் நிற்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஹோம்ஸ்டே, வண்டி ஓட்டம், படகுச் சவாரி என்று ராமேஸ்வரம் பக்கம் தொழில் நடத்துகிறவர்களுக்கு இதில் நல்ல பலன் உண்டு. அக்கம்பக்கத்து உணவகம், மெக்கானிக், கைடு என்று எல்லாரைப் பற்றியும் பொறுப்பாக எழுதுகிறவரின் பெயர் பயணிகளுக்குப் பழகிவிடும்.

சொந்தக் கடைக்கும், நீங்கள் வேலை பார்க்கிற கடைக்கும் எழுதக் கூடாது. காசோ தள்ளுபடியோ வாங்கிக்கொண்டும் எழுதக் கூடாது. இரண்டையும் கூகுள் விதியே தடுக்கிறது, கண்டால் நீக்கிவிடுவார்கள்.

"இதெல்லாம் வேலை செய்யுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

உங்கள் பக்கத்தை யார் பார்த்தார்கள் என்று லிங்க்ட்இன் காட்டும். காசு கட்டாத கணக்கில் எல்லாப் பெயரும் வராது, சிலர்தான் தெரிவார்கள். எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டிருக்காமல் எந்தத் தொழில்காரர்கள் என்று பாருங்கள். பாசிப் பண்ணைத் தம்பிக்கு எழுதிய பிறகு கடல்வள நிறுவனங்களிலிருந்து யாராவது எட்டிப் பார்த்திருந்தால், வழி சரி. பள்ளித் தோழர்கள் மட்டும் வந்திருந்தால், எழுதியது பொதுவான புகழ்ச்சியாக இருக்கலாம், அல்லது நீங்கள் எழுதிக் கொடுத்தவரின் பக்கத்துக்கே ஆள் வராமல் இருக்கலாம்.

முன்பின் தெரியாத ஒருவர் தொடர்பு கேட்டு அனுப்பினால், "என்னை எங்கே பார்த்தீங்க?" என்று மரியாதையாகக் கேட்டுவிடுங்கள். நாலு பேரிடம் கேட்டால் எந்தப் பரிந்துரை ஆள் கொண்டுவருகிறது என்று பிடிபட்டுவிடும். மாதக் கணக்கில் ஒன்றுமே நடக்காமலும் போகலாம். சின்னத் தொழிலில் ஆளெடுப்பதே வருடத்துக்கு ஒருமுறைதான்.

"எழுதிக் கொடுத்தவன் பிறகு தப்புத்தண்டாவில் மாட்டிக்கிட்டான். என் பெயர் அங்கே கிடக்கே, எடுக்க முடியுமா?"

முடியும். உங்கள் பக்கத்தில் பரிந்துரைகள் பகுதிக்குப் போய் `Given` திறந்தால், எழுதியதைத் திருத்தவும் நீக்கவும் வழி இருக்கும். அவர் அனுமதி தேவையில்லை. அவருக்கும் அதைத் தன் பக்கத்தில் மறைத்துவைக்கும் வசதி உண்டு. ஆனால் ஊரில் யாரோ சொன்னார்கள் என்று அவசரப்பட்டு நீக்க வேண்டாம். நீங்கள் எழுதியது அந்தக் கோடையில் மிதவையில் கண்டதை மட்டும்தான் என்றால், அது இன்றைக்கும் உண்மைதான். அவருடைய குணத்துக்கெல்லாம் ஜாமீன் போட்ட மாதிரி எழுதியிருந்தால் நீக்கிவிடுங்கள், நீக்கியதை அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியும் விடுங்கள்.